பிள்ளையின் ஆய்வுப் பொருளும் பெற்றோரின் கையும்
பெற்றோர்க்குச் சில வினாவிடை

பூதிகோட்டையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், பள்ளி திறந்து சில திங்கள் கழிந்ததும் ஆண்டுதோறும் ஒரு கலக்கம் புகுவதுண்டு. பிள்ளை மாலையில் பையை வைத்துவிட்டு, “அறிவியல் ஆய்வு ஒன்று செய்ய வேண்டுமாம்; பொருளை வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம்” என்கிறது. அன்றிரவே வீடு முழுவதும் ஆய்வாளர் கூடமாக மாறிவிடுகிறது. தந்தை ஒரு பொருள் சொல்வார். மாமன் வேறொன்று சொல்வார். அடுத்த வீட்டார் தம் மகன் சென்ற ஆண்டு செய்ததைத் தூக்கி வந்து தருவார். பிள்ளையோ ஓர் ஓரத்தில் அமர்ந்து எல்லாவற்றிற்கும் தலையை ஆட்டும்.

இக்கலக்கத்தில் நாங்களும் இருமுறை விழுந்தவர்கள். முதன்முறை தவறினோம், இரண்டாம்முறை ஓரளவு தேறினோம். சங்கத்தின் சென்ற கூட்டத்தில் பெற்றோர் சிலர் எங்களைச் சூழ்ந்து நின்று வினவியவற்றையும், நாங்கள் அறிந்த அளவில் கூறிய விடைகளையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

வினா: உதவி எது, பறித்துக்கொள்வது எது என்று எங்ஙனம் அறிவது?

விடை: எங்கள் தவற்றையே முதலில் சொல்லிவிடுகிறோம். மூத்தவன் ஏழாம் வகுப்பில் படித்தபோது, பொருளை நாங்களே தேர்ந்து கொடுத்தோம். அவன் பாட்டனார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் உழைத்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கம் அது. 2001-ஆம் ஆண்டு கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டபோது எங்கள் குடும்பம் எங்ஙனம் நிலைகுலைந்தது என்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவே, சுரங்கக் கூண்டு ஏறி இறங்கும் உருவமைப்பு ஒன்றைச் செய்யலாம் என்றோம். பலகையை அறுத்தது தந்தை. கப்பி மாட்டியது தந்தை. விளக்கு பொருத்தியதும் தந்தையே. மகன் பசை பிடித்துக் கொடுத்தான்.

கண்காட்சியில் கூண்டு அழகாக ஏறியிறங்கிற்று. பார்வையிட வந்த ஆசிரியர் ஒருவர் மகனை நோக்கி, “தம்பி, இதில் நீ கண்டறிய விரும்பியது யாது?” என்று மெல்லக் கேட்டார். அவன் விடை கூறவில்லை. திரும்பி எங்கள் முகத்தைப் பார்த்தான். அப்பார்வையை நாங்கள் இன்றும் மறக்கவில்லை. அந்த உருவமைப்பு எங்களுடைய நினைவுகளின் வடிவம். அவனுடைய வினா அதில் ஒன்றுமில்லை. அதன்பின் பள்ளிப் படிப்பு முடியும்வரை அவன் எந்த ஆய்விலும் சேரவில்லை.

ஆதலால் எங்கள் அளவுகோல் எளியது. பிள்ளை தேர்ந்த பொருளைப்பற்றி ஒரு புதியவர் வினவினால், அது உங்கள் முகத்தைப் பார்க்காமல் மூன்று வாக்கியம் பேச வேண்டும்: எதைக் கண்டேன், எதை அறிய விரும்புகிறேன், எதை அளந்து அறிவேன் என்பவை அம்மூன்று. பேச முடிந்தால் நீங்கள் செய்தது உதவி. முடியாவிடில், எவ்வளவு அன்போடு செய்திருப்பினும், அது பறித்தலே.

வினா: “எனக்கு ஒன்றும் தோன்றவில்லை” என்று பிள்ளை சொல்கிறதே, அப்போதாவது நாம் பொருள் சொல்லலாமா?

விடை: வேண்டா. பிள்ளைகளுக்கு வினா இல்லாமல் இல்லை; தாம் கேட்பவையெல்லாம் ஆய்வுக்குரியவை என்று அவர்கள் எண்ணுவதில்லை. ஆய்வு என்றால் எரிமலையும் ஏவுகணையுந்தான் என்று நினைக்கின்றனர்.

இளையவள் எட்டாம் வகுப்பில் இவ்வாறு சொன்னபோது, ஒரு சிறு குறிப்பேடு வாங்கிக் கொடுத்தோம். ஒரு வாரம் வரையில், “ஏன் இப்படி?” என்று தோன்றுவதையெல்லாம் அதில் எழுதச் சொன்னோம். எங்களுக்கு நாங்களே ஒரு விதியும் வகுத்துக்கொண்டோம்: அவள் எழுதும் எந்த வினாவுக்கும் அவ்வாரத்தில் விடை சொல்லலாகாது. பெற்றோர்க்கு இதுவே கடினம். குழந்தை கேட்டவுடன் விடை கூறினால் அந்த வினா அங்கேயே முடிந்துவிடுகிறது. விடையின்றி இரண்டு நாள் கிடந்தால் அது வளர்கிறது.

வாரக் கடைசியில் ஏட்டில் பதினொரு வினாக்கள் இருந்தன. ஐதர் அலி நம் ஊரில் பிறந்தார் என்கிறார்களே, அவர் பிறந்த வீடு எங்கே என்பது ஒன்று. தங்கவயலின் சயனைடு மேடுகளில் இன்னும் பொன் இருக்குமா என்பது ஒன்று. மார்க்கண்டேய அணையின் நீர் கோடையில் எங்கே போகிறது என்பது மற்றொன்று. ஏழாவதாக ஒரு வரி: “ஆழ்குழாய்த் தண்ணீரில் பருப்பு வேகாது என்று ஆயா சொல்கிறாள். உண்மையா?”

எங்கள் வீட்டில் இச்சொல் நாள்தோறும் ஒலிப்பது. மழைநீர் பிடித்து வைத்த நாளில் ஆயா அதை உலைக்கென்று ஒதுக்குவாள். நாங்கள் அதனைக் கிழவியின் வழக்கம் என்று விட்டிருந்தோம். பேத்திதான் அதனை வினாவாகக் கண்டாள்.

வினா: பல வினாக்களிலிருந்து ஒன்றை எவ்வாறு தேர்வது? அதையாவது நாம் சொல்லலாமா?

விடை: பொருளை நாம் தேரலாகாது, சல்லடையைப் பிள்ளையின் கையில் கொடுக்கலாம். நாங்கள் கொடுத்தவை மூன்று கேள்விகள். இதை வீட்டில் உள்ள கருவிகளால் அளக்க முடியுமா? ஒரு முறை செய்வது ஒரு மாலைக்குள் முடியுமா? ஏனெனில் ஒன்றை மூன்று முறையாவது திரும்பச் செய்யாவிடில் அதனை நம்புவதற்கில்லை. மூன்றாவது, இதற்கு விடை உனக்கு முன்பே தெரியுமா? தெரிந்த விடைக்காகச் செய்வது ஆய்வாகாது. அது செய்து காட்டுதல்.

அவளே ஒவ்வொன்றாகச் சலித்தாள். ஐதர் அலி பற்றியது நல்ல வினா, ஆனால் அளக்கும் வினா அன்று. அதனை வரலாற்று ஆசிரியரிடம் கேட்பதாகக் குறித்துக்கொண்டாள். அணை நீரை ஓர் ஆண்டு முழுவதும் பார்க்க வேண்டும், காலம் போதாது. பருப்பு நின்றது. பானையும் கடிகாரமும் வீட்டில் இருக்கின்றன. ஒரு மாலையில் முடியும். விடையோ எங்களுக்கும் உறுதியாகத் தெரியாது.

பெரிய பொருள் வேண்டும் என்று வருந்துவோர்க்கு ஒன்று கூறுவோம். 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, பத்து முதல் பதினேழு வயது வரையிலான பிள்ளைகளிடம் எதிர்பார்ப்பது தம் ஊரின் வினாவை எளிய முறையில் ஆராய்வதையே. விலையுயர்ந்த கருவியை அது வேண்டுவதில்லை. பிள்ளையின் அடுக்களையும் தெருக்குழாயும் அதற்குப் போதுமான ஆய்வுக்கூடங்கள்.

வினா: பிள்ளை தீங்கு விளைக்கக்கூடிய பொருளைத் தேர்ந்தால்?

விடை: அங்கே பெற்றோர் கை நீளத்தான் வேண்டும். எங்கள் மகளுக்கு முதலில் விருப்பம் சயனைடு மேட்டின்மீதே இருந்தது. மண் அள்ளி வந்து பொன் தேட எண்ணினாள். “கூடாது” என்று உறுதியாகச் சொன்னோம். ஆனால் காரணத்தையும் சொன்னோம். அம்மேடுகள் பொன்பாறையை மாவுபோல் அரைத்துப் பொன்னைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய கழிவு. அதன் நுண்தூசி நுரையீரலுக்குக் கேடு. பாறைத்தூளை மூச்சோடு வாங்கி நோயுற்ற சுரங்கத் தொழிலாளர் எத்தனை பேரை நம் குடும்பங்கள் கண்டிருக்கின்றன! மேலும், அதில் உள்ள சிறிதளவு பொன்னை வீட்டில் எந்த வழியாலும் அளக்க இயலாது.

“கூடாது” என்பதோடு நிறுத்திவிட்டு, உடனே நம் விருப்பப் பொருளை நுழைத்துவிடும் ஆசை அப்போது எழும். அதற்கு இடங்கொடுக்கலாகாது. “மற்றப் பத்தில் எது?” என்று மட்டும் கேட்டோம்.

வினா: பொருளைத் தேர்ந்துவிட்டது. உடனே ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிடலாமா?

விடை: அதற்கு முன் ஒருமுறை கையால் செய்து பார்க்கச் சொல்லுங்கள். பொருள் சரியா என்பதை யோசனை சொல்லாது. முதல் முயற்சி சொல்லும். எங்கள் வீட்டில் நடந்ததைச் சற்று விரித்துரைக்கிறோம்.

அவள் மூவகை நீர் எடுத்தாள்: ஆழ்குழாய் நீர், பிடித்துவைத்த மழைநீர், ஊர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து கேனில் வாங்கும் நீர். ஒவ்வொன்றிலும் அரை லிட்டர். அதில் 50 கிராம் துவரம்பருப்பு, ஊறவைக்காமல். ஒரே பாத்திரம், ஒரே அடுப்பு, ஒரே அளவு தீ, மூடி போட்டு. கொதி வந்ததிலிருந்து ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை பத்துப் பருப்புகளைக் கரண்டியால் எடுத்து, ஆறவிட்டு, விரல்களுக்கிடையே நசுக்குவாள். பத்தில் எட்டு மசிந்தால் வெந்தது என்று கணக்கு. “வெந்தது” என்பது ஒவ்வொருவர் நாவுக்கும் ஒவ்வொன்றாகையால், இந்தப் பத்துக்கு எட்டு என்னும் வரையறை தேவை என்பதை அவளே உணர்ந்தாள். ஆயாவுக்கும் அவளுக்கும் நடந்த வழக்கில் பிறந்த வரையறை அது.

முதல் மாலையும் இரண்டாம் மாலையும் ஆழ்குழாய் நீர்ப் பருப்பே பின்தங்கிற்று. மூன்றாம் மாலை அதுவே முந்திக்கொண்டது! அவள் ஏட்டை மூடிவிட்டு, “கேள்வியே தவறு, வேறு பொருள் தேடுகிறேன்” என்று கண்கலங்கினாள். காரணம் எங்களுக்கு அந்நேரமே தெரிந்துவிட்டது. பழைய பருப்புத் தீர்ந்து, அன்று காலை கடையிலிருந்து புதுப்பொட்டலம் பிரித்திருந்தோம். நெடுநாள் கிடந்த பருப்பு எந்நீரிலும் மெல்லத்தான் வேகும். தாய் வாய்திறக்கப் போனாள், தந்தை கையமர்த்தினார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டோம்: “நேற்றைக்கும் இன்றைக்கும் எவையெல்லாம் மாறின? எழுதிப் பார், அம்மா.”

அவள் எழுதத் தொடங்கினாள். தீ மாறவில்லை, பாத்திரம் மாறவில்லை, நீர் அதே குழாயில் பிடித்தது. நான்காவது வரியில் நின்று, எழுந்து சென்று, பருப்பு டப்பாவைத் திறந்து பார்த்தாள். பழைய பொட்டலத்தில் சிறிது ஒட்டியிருந்ததைப் புதியதன் அருகே வைத்து நோக்கினாள். அவள் முகத்தில் அப்போது தோன்றியதை நாங்கள் பறித்திருந்தால், எத்தனை பரிசாலும் திருப்பித் தந்திருக்க முடியாது. மறுநாள், ஒரே பொட்டலத்தை நன்றாகக் கலந்து, தேவையான பங்குகளாக நிறுத்து வைத்துக்கொண்டு, மீண்டும் தொடங்கினாள்.

அதன்பின்னரே பொருள் முடிவாயிற்று. “பருப்பு ஏன் வேகவில்லை?” என்றிருந்தது, “எங்கள் வீட்டு மூவகை நீரில் ஒரே துவரம்பருப்பு வேகும் நேரமும் அந்நீர்களின் கடினத்தன்மையும்” என்று குறுகிற்று. பொருள் இவ்வாறு குறுகுவது நற்குறி. விரிந்துகொண்டே போனால் பிள்ளை இன்னும் தெளியவில்லை என்று அறியலாம்.

வினா: கடினத்தன்மையை வீட்டில் எப்படி அளப்பது? இது போன்றவற்றை நாம் சொல்லித் தரலாம் அல்லவா?

விடை: வழி தெரியாது பிள்ளை வந்து கேட்கும்போது வழி சொல்வது பறித்தலன்று. ஆசிரியரும் அதைத்தானே செய்கிறார்? துணி துவைக்கும் சோப்புக் கட்டியைச் சீவி மழைநீரில் கரைத்து வைத்துக்கொள்ள வேண்டும். 100 மில்லிலிட்டர் நீரை மூடியுள்ள புட்டியில் ஊற்றி, அக்கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். ஒருவிரல் உயர நுரை இரண்டு நிமிடம் நிலைக்கும்வரை எத்தனை சொட்டு என்று எண்ணுவதே அளவு. கடினநீர் மிகுதியான சொட்டுகளைக் குடிக்கும். நுரைக்கு மாறாக வெண்ணிறப் பிசுக்கு மிதக்கும். சலவைத்தூளைப் பயன்படுத்தினால் இது பிழைபடும். அது கடினநீரிலும் நுரைக்குமாறு செய்யப்பட்டது.

காரணத்தை அவள் தன் ஆசிரியரிடமிருந்து கேட்டு வந்தாள். கடினநீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்துள்ளன. பருப்பின் நுண்ணறைகளைப் பெக்டின் என்னும் பசைப்பொருள் ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கிறது. கொதிக்கும்போது அப்பசை கரைந்தால்தான் பருப்பு மசியும். கால்சியமோ அப்பசையை இறுகப் பிணைத்துவிடுகிறது. ஆயா சொன்னது உண்மையே என்று அவள் வீட்டில் அறிவித்தபோது, ஆயா, “இதற்கா இத்தனை நாள் அடுப்பெரித்தாய்?” என்றாள்.

ஓர் எல்லையை மட்டும் நாங்கள் வலியுறுத்தினோம். தன் ஏட்டில் அவள் “கேன் நீர் நல்ல நீர், ஆழ்குழாய் நீர் கெட்ட நீர்” என்று எழுதியிருந்தாள். சோப்பு நுரை கடினத்தன்மையைத்தான் காட்டும். கோலார் வட்டாரத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் மிகுந்துள்ள புளோரைடை அது காட்டாது. புளோரைடுக்குச் சுவையுமில்லை, நிறமுமில்லை, ஆய்வுக்கூடத்தில்தான் அறிய வேண்டும். “உன் புட்டி இதைச் சொல்லிற்றா?” என்று கேட்டோம். சிறிது நேரம் யோசித்து, தானே அவ்வரியை அடித்தாள்.

வினா: எங்கள் பிள்ளை கன்னட வழியில் படிக்கிறது. எங்களுக்கோ அம்மொழியில் எழுதப் படிக்க வாராது. நாங்கள் என்ன உதவி செய்ய முடியும்?

விடை: இக்குறை ஒருவகையில் உங்களைக் காக்கிறது. எழுதத் தெரிந்த பெற்றோரே பிள்ளையின் ஏட்டில் எழுதிவிடுகின்றனர்! நீங்கள் செய்யக்கூடியது கேட்பது. “இன்று என்ன செய்தாய், தமிழில் எனக்குச் சொல்” என்று நாள்தோறும் கால்மணி நேரம் கேளுங்கள். ஒன்றைத் தாய்மொழியில் தெளிவாக எடுத்துச் சொல்ல முடியாத இடத்தில் பிள்ளை தானே தடுமாறும். அத்தடுமாற்றமே தனக்கு விளங்காத இடம் இது என்று அதற்குக் காட்டிவிடும். எங்கள் மகள் பள்ளியில் ‘கடசு நீரு’ என்று எழுதினாள். வீட்டில் கடினநீர் என்று விளக்கினாள். ஆயாவிடம் ‘சப்பைத் தண்ணி’ என்றாள். ஒரே பொருளை மூவிதமாகச் சொல்லத் தெரிந்தவளுக்கு அது மறக்குமா?

தந்தை விடியற்காலை பங்காரப்பேட்டையில் இரயிலேறி இரவு திரும்பும் வீடுகள் நம்மிடையே மிகுதி. அவர்களுக்கும் இக்கால்மணி நேரம் கிடைக்கும். அறுக்கவும் ஒட்டவும் நேரமில்லையே என்று அவர்கள் வருந்த வேண்டியதில்லை.

வினா: அப்படியானால் பெற்றோர் கை எதிலும் படவே கூடாதா?

விடை: படலாம். கொதிக்கும் பாத்திரத்தை நாங்களே இறக்கினோம். மழைநீர்க் குடத்தைத் தூக்கினோம். எடைத்தராசை மளிகைக்கடை அன்பரிடம் இரவல் வாங்கி வந்தோம். உழைப்பில் உதவலாம், முடிவில் உதவலாகாது. எத்தனை நிமிடத்திற்கு ஒருமுறை பார்ப்பது, எது வெந்தது, எதை எழுதுவது, எதை அடிப்பது என்பவை அவளுடையவை. விளக்க அட்டையில் எழுத்துகள் கோணலாக இருந்தன. ஒரு கோடு சாய்ந்திருந்தது. அதைத் திருத்தக் கை பரபரத்தது உண்மை. திருத்தவில்லை.

வினா: இவ்வளவும் செய்து பரிசு கிடைக்காவிடில்?

விடை: எங்கள் மகளுக்குக் கிடைக்கவில்லை. மின்விளக்கு எரியும் பெரிய உருவமைப்புகளுக்கு நடுவே அவளுடைய மூன்று புட்டிகளும் ஓர் அட்டையும் எளியனவாகவே தோன்றின. ஆனால் பார்வையிட வந்தவர் ஒருவர், “பிரஷர் குக்கரில் வைத்திருந்தால் விரைவில் முடிந்திருக்குமே?” என்று வினவினார். “குக்கரை ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை திறந்து பார்க்க முடியாது, ஐயா, மேலும் நம் மேட்டுநிலத்தில் நீர் 97 பாகையை ஒட்டியே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில்தான் நீர்களின் வேறுபாடு நன்றாகத் தெரிந்தது” என்றாள். எங்கள் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நாங்கள் கூட்டத்தின் பின்னே, யாரோபோல் நின்றிருந்தோம்.

அன்று எங்களோடு மூத்தவனும் வந்திருந்தான். இப்போது கல்லூரியில் படிக்கிறான். வீடு திரும்பும் வழியில் நெடுநேரம் ஒன்றும் பேசாது வந்தவன், “அந்தச் சுரங்கக் கூண்டு இன்னும் பரணில் இருக்கிறதா, அப்பா?” என்றான். இருக்கிறது என்றோம். “எவ்வளவு எடை வைத்தால் அதன் கயிறு அறும் என்று அப்போதே எனக்குப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. நீங்கள் பாடுபட்டுச் செய்தது உடைந்துவிடுமே என்று கேட்கவில்லை” என்றான்.

அவனிடமும் ஒரு வினா இருந்திருக்கிறது. நாங்கள்தாம் கேட்கவில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை அக்கூண்டைப் பரணிலிருந்து இறக்கி அவனிடம் கொடுத்தோம். தங்கை எடைக்கற்களை எடுத்து வந்தாள்.